இறகு இரண்டு

"உந்த ஹெல்மெற் ஆற்றை?" என்று சிவரூபன் இரண்டாவது முறையாகவும் கேட்டான்.

கேட்கிற நேரமா அது. உள்ளே ஹோலில் அப்பா பட்டு வேட்டியும் சால்வையுமாகப் பெட்டிக்குள் கிடக்கிறார். வாசல் படலைக்கு வெளியே பறைமேளக்காரர்கள் வைக்கோல் கொளுத்தி மேளத்தைச் சூடு காட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆட்கள் இருக்கக் கதிரை இறக்க இடமில்லை என்று பந்தல்காரன் போட்ட சத்தத்தில்தான் சிவரூபன் அப்பாவின் மோட்டார் சைக்கிளை முற்றத்திலிருந்து கிணற்றடிக்கு உருட்டி வந்திருந்தான். அதன் ஹாண்டிலில் இரண்டு ஹெல்மெற் கொளுவியிருந்தன. ஒன்று அப்பாவின் பழைய கறுப்பு. மற்றது வானநீலம், புத்தம் புதியது, பொலித்தீன் உறைகூடக் கழற்றவில்லை.

"எனக்குத் தெரியாதண்ணை" என்றாள் தக்சாயினி.

"உனக்கெண்டு வாங்கினாரோ?"

"என்னட்டை ஸ்கூட்டிக்கு ஒண்டு கிடக்குதே. அது அவருக்குத் தெரியும்."

சிவரூபன் அதைத் தன் தலையில் வைத்துப் பார்த்தான். நெற்றியோடு நின்றுவிட்டது. பிறகு தங்கையின் தலையில் வைத்தான். கொண்டையில் முட்டி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. தகப்பனைக் கட்டையில் வைக்கப் போகிற நாளில் பிள்ளைகள் இரண்டும் கிணற்றடியில் நின்று ஹெல்மெற் அளவு பார்க்கிறதை யாராவது கண்டால் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. திருப்பி ஹாண்டிலில் கொளுவிவிட்டு உள்ளே போனாள்.

அப்பா முத்துக்குமாரு வாழ்நாளில் பெரும்பகுதியைப் பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் பஸ் ஓட்டிக் கழித்தவர். பக்கத்திலேயே இரைந்துகொண்டிருந்த எஞ்சினுக்கு இடது காதைக் கொடுத்துவிட்டு ஓய்வுபெற்றார். மனைவி போய்ச் சில வருடங்களாகின்றன. மருமகன் டோகாவில் வேலை. ஆகவே தும்பளையில் இந்த வீட்டில் அவரும் மகளும்தான். சனிக்கிழமை பின்னேரம் எங்கேயோ போய்விட்டு, இருள் விழுகிற மைமல் நேரம் திரும்பி வந்து, இரண்டு இடியப்பம் சாப்பிட்டு, "காத்து நல்லாயிருக்கு" என்று சொல்லிப் படுத்தவர். ஞாயிற்றுக்கிழமை காலை தேத்தண்ணியோடு போய் எழுப்பினாள், எழும்பவில்லை. நெஞ்சுதான் என்றார் டொக்டர். அந்தத் தேத்தண்ணிக் கோப்பையை எங்கே வைத்தாள் என்று இன்னும் அவளுக்கு நினைவில்லை.

ஹோலில் பெட்டியின் தலைமாட்டில் செல்வநாயகி மாமி இருந்தார். அப்பாவின் அக்கா. தம்பியின் முகத்தைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தவர், தக்சாயினியைக் கண்டதும் கையைக் காட்டினார்.

"பிள்ளை, ஆரோ ஒரு மனிசி உன்னைக் கேட்டுக்கொண்டு நிக்குது. சிலுவை போட்டிருக்கு. எனக்குத் தெரியாத ஆள்."

மாமிக்குத் தெரியாத ஆள் தும்பளையில் இருப்பது அரிது. விறாந்தையில் அறுபது வயதிருக்கும் ஒரு பெண் நின்றார். மெலிந்த உடம்பு, சின்னத் தலை, குட்டையாக வெட்டிய நரைமுடி, நேராகப் பார்க்கிற கண். கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"நீங்கள்தானே கடதாசி பாக்கிற பிள்ளை?" என்றார்.

செத்த வீட்டில் வந்து கேட்கிற கேள்வி இல்லை இது. இரவு முழுக்கப் பந்தலுக்குள் ஆண்கள் சீட்டுக்கட்டோடு முந்நூற்றிநாலு விளையாடினார்கள், அது வேறு. அப்பா இருந்திருந்தால் அவரும் இறங்கியிருப்பார். ஆனால் தக்சாயினியின் கடதாசி வேறு மாதிரி. புருஷன் டோகாவுக்குப் போன பிறகு பொழுது போகாமல் போனில் பார்த்துப் படித்த டாரட். ஒழுங்கையில் காதல் முறுகியவர்களும் காதல் கனிந்தவர்களும் அவளிடம் வருவார்கள். ஊருக்குள் மரியாதை என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

"ஓம், நான்தான். ஆனால் இண்டைக்கு..."

"நான் மார்கிரட். முனையிலை தையல் கடை வைச்சிருக்கிறன். ஒரு கேள்வி மட்டும் கேட்டிட்டுப் போறன் பிள்ளை. றைவர், உங்கடை அப்பா, எனக்கு மறுமொழி ஒண்டு தந்தவர். அது ஓம் எண்டதோ இல்லையெண்டதோ எண்டு எனக்கு விளங்கேல்லை."

கைப்பையைத் திறந்து, வேதப் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். வெளிர்சாம்பல் பின்புறம், ஓரத்தில் பொன்கோடு. தக்சாயினியின் சீட்டுக்கட்டிலிருந்து காணாமல் போன சீட்டு. சனிக்கிழமை பின்னேரம் முழுக்க அவள் பாயைத் தூக்கிப் பார்த்தது, கதிரைக்குக் கீழே தும்புத்தடி விட்டுத் துழாவியது எல்லாம் இதற்காகத்தான். காற்று கொண்டுபோயிருக்கும் என்று விட்டிருந்தாள்.

அவள் மார்கிரட்டின் கையைப் பிடித்து அப்பாவின் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை நடந்தது இதுதான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா விறாந்தைக்கு வந்தார். அவள் பாயில் புதுச் சீட்டுக்கட்டை விரித்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய கட்டை அச்சுவேலிச் சிநேகிதி உதயகலா வாங்கிக்கொண்டு போயிருந்தாள். புதியது, லீவில் வந்த இன்னொரு சிநேகிதி கஜானி நோர்வேயிலிருந்து கொண்டுவந்தது. யாரோ ஓவியக்காரி கொஞ்சமாக அச்சடித்து விற்றதாம். விளக்கப் புத்தகத்தைக் கஜானி தன் பெட்டிக்குள்ளேயே மறந்து கொண்டுபோய்விட்டாள். போனில் தேடினாலும் ஒன்றும் வரவில்லை.

"உது உண்மையாப் பலிக்கிறதோ பிள்ளை?" என்றார் அப்பா.

"நான் என்ன சாத்திரியே அப்பா? பாத்துச் சொல்லுவன், அவ்வளவுதான்."

"அருளம்பலத்தாருக்கு ஒரு சங்கதி. ஒரு ஆளோடை விருப்பம் மாதிரி. சேரலாமோ எண்டு கேக்கிறார். பாரன்."

அப்பாவின் சிநேகிதர் அருளம்பலத்தாருக்கு எழுபது தாண்டிவிட்டது. பல்லை இரவில் கிளாசில் போட்டு வைக்கிற மனிதர். தக்சாயினி சிரிப்பை அடக்கிக்கொண்டு சீட்டைக் குலைத்தாள். கட்டை இடது கையால் மூன்றாகப் பிரிக்கச் சொன்னபோது அப்பா அதைச் செய்த விதத்தில் ஒரு முந்நூற்றிநாலுக்காரனின் திமிர் இருந்தது. "துரும்பு எது?" என்று, ஆட்டத்தில் வெட்டுச் சீட்டைக் கேட்பதுபோல வேறு கேட்டார்.

காதலுக்கு அவள் வைப்பது ஐந்து சீட்டு. முதலாவது கேட்கிறவர். இரண்டாவது மற்றவர். அந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது, இருவரையும் சேர்த்து வைத்திருப்பது எது என்று. அதற்குக் கீழே நாலாவது, குறுக்கே நிற்பது. மேலே ஐந்தாவது, போக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்று. வைத்த பிறகுதான் தலையும் விளங்கவில்லை வாலும் விளங்கவில்லை. வழக்கமான கட்டில் கிண்ணம், கோல், வாள், காசு என்று நாலு இனம். கிண்ணம் தண்ணீர், அதாவது மனம். கோல் நெருப்பு, வேகம். வாள் காற்று, புத்தியும் பேச்சும் பிரிவும். காசு மண், உழைப்பும் உடைமையும். இந்தக் கட்டிலோ உப்பு, வேர், முள், இறகு. ராணியும் ராஜாவும்கூட இல்லை. குழந்தை, வழிப்போக்கன், தாய், மூத்தவர் என்றுதான் இருந்தது.

படங்களாவது உதவும் என்று பார்த்தாள். பழகின படம் ஒன்றும் இல்லை. அப்பா முன்னால் குந்திக்கொண்டிருக்கிறார். அவசரத்தில் அவளுக்குத் தோன்றியபடி பொருத்தினாள். முள் குத்தும், ஆகவே வாள். வேர் மரம், ஆகவே கோல். உப்பு? கரணவாய் உப்பளத்தைத் தாண்டித் திரிகிற பிள்ளைக்கு உப்பு என்றால் தரையில் விளைந்து, அள்ளிக் குவித்து, சாக்கில் போட்டு விற்கிற சாமான். ஆகவே காசு. மிஞ்சியது இறகு. மெத்தென்றிருக்கிறது, ஆகவே கிண்ணம். பொருத்தம் அவ்வளவு வடிவாக வந்ததில் அவளுக்கே தன்மேல் கொஞ்சம் மதிப்பு வந்துவிட்டது.

"அருளம்பலத்தார் முள் மூத்தவர். கண்டிப்பான ஆள்" என்றாள்.

"அவனோ?" என்றார் அப்பா.

"மற்ற ஆள் இறகுத் தாய். மென்மையான மனம், உடனை அழுகிற ஆள்."

"அப்பிடியும் தெரியேல்லை" என்றார் அப்பா. அருளம்பலத்தாரின் ஆளை அவருக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. சீட்டிலேயே கண்ணாக இருந்தாள்.

"நடுவிலை உப்பு ஆறு. ஒருத்தருக்கு ஒருத்தர் குடுத்து வாங்கிற உறவு. குறுக்கை நிக்கிறது உப்பு எட்டு." அந்தப் படத்தில் எட்டு உப்புக் குவியல், அப்பால் முதுகைக் காட்டிக்கொண்டு கடகத்தோடு நடக்கிற ஒரு பெண். உப்பளத்தில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற பெண்ணை அவள் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். "வேலை. அந்த ஆளுக்கு ஓய்வில்லாத வேலை, அதுதான் தடை. கடைசிச் சீட்டு, இறகு இரண்டு."

ஓர் ஆணி. அதில் தொங்கும் ஒற்றை நூல். நூலின் ஒரு நுனியில் ஓர் இறகு, மறு நுனியில் இன்னொன்று. வேறு ஒன்றுமில்லை.

"கிண்ணம் இரண்டு எண்டால் ரெண்டு பேர் சேருறது அப்பா. ஒரே நூல், ரெண்டு இறகு. பாருங்கோவன். கலியாணமே நடக்கும், சொல்லி விடுங்கோ."

அப்பா அந்தச் சீட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது என்ன என்று அவள் அப்போது பார்த்திருக்கலாம். அவள் போனைச் சார்ஜில் இருந்து எடுத்துவர உள்ளே போய்விட்டாள், வைத்த சீட்டைப் படம் பிடித்து வைப்பது அவள் பழக்கம். திரும்பி வந்தபோது அப்பா கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

இப்போது அறைக்குள், அப்பாவின் கட்டிலில், மார்கிரட்டுக்கு முன்னால் அவள் சீட்டுக்கட்டைப் பிரித்தாள். வெளியே மேளம் தொடங்கிவிட்டது. குரலை உயர்த்தித்தான் கதைக்க வேண்டியிருந்தது.

"அவரிட்டை நீங்கள் என்ன கேட்டனீங்கள், அன்ரி?"

மார்கிரட் சுற்றி வளைக்கவில்லை. "எனக்குப் பிரான்சுக்கு விசா வந்திட்டுது. என்ரை மகன் றோய் அங்கை வந்து தன்னோடை இருக்கச் சொல்லுறான். போனால் பிறகு வரமாட்டன். நான் றைவரிட்டைக் கேட்டன், போகவோ, நிக்கவோ? நிக்கச் சொன்னால் கலியாண எழுத்து எழுதிப்போட்டு ஒரு வீட்டிலை இருப்பம் எண்டு. யோசிச்சுச் சொல்லுறன் எண்டவர். சனிக்கிழமை வந்து இதைத் தந்தவர்."

"தரேக்கை என்ன சொன்னவர்?"

"'உதிலை என்ன கிடக்கு, சொல்லுங்கோ' எண்டார். நான் சொன்னன், தராசு மாதிரிக் கிடக்கு, ரெண்டு பக்கமும் ஒரே பாரம், ஒண்டும் இறங்கேல்லை எண்டு. அவர் சிரிச்சார். விளக்கம் நாளைக்கு வந்து சொல்லுறன் எண்டிட்டுப் போட்டார்." மார்கிரட் சீட்டைப் பார்த்தபடி இருந்தார். "தராசெண்டால் முடிவில்லை எண்டுதானே பிள்ளை? எனக்கு வாற கிழமை பிளைற். போறதெண்டால் மனம் ஆறிப் போகவேணும். அவ்வளவுதான்."

 இந்த மனிசி ஒரு பார்வையில் கண்டதைத் தக்சாயினி காண எவ்வளவு பாடுபட்டாள். அன்றைக்கு அப்பா முகம் கழுவுகிற நேரத்துக்குள் தான் சொன்னதில் அவளுக்குச் சந்தேகம் வந்திருந்தது. அப்போது செய்ததை இப்போதும் செய்தாள். எண்ணிடப்பட்ட இருபத்திரண்டு பெரிய சீட்டையும் ஒதுக்கினாள். எட்டும் பதினொன்றும் கட்டுக்குக் கட்டு இடம் மாறும் என்பதைத் தவிர அவற்றில் குழப்பமில்லை. மிச்சத்தை இனம் இனமாக, ஒன்றிலிருந்து பத்து வரை, பிறகு நாலு ஆட்கள் என்று வரிசையாக வைத்தாள்.

"ஒரு இனத்தை அறியிறதெண்டால், எந்தக் கட்டிலையும் மாறாத படத்தைத் தேடவேணும் அன்ரி. பேரை நம்பக்கூடாது. நான் பேரை நம்பினனான்." முள் பத்தை எடுத்துக் காட்டினாள். ஒரு மனிதன் முள்விறகுக் கட்டைச் சுமந்து வளைந்து போகிறான். "கோல் பத்திலை இப்பிடித்தான் ஒருத்தன் சுமப்பான். முள் குத்துற சாமான் இல்லை, எரியிற சாமான். நெருப்பு. வேர் எட்டைப் பாருங்கோ, ஒருத்தன் இருந்து கடையிறான். காசு எட்டு தொழில் பழகிறது. அப்ப வேர்தான் மண்."

"உப்பு?"

உப்பு ஐந்தை வைத்தாள். முக்காட்டோடு ஒரு உருவம். முன்னால் கரைந்து சிந்திய மூன்று குவியல், பின்னால் முழுதாக நிற்கிற இரண்டு. "கிண்ணம் ஐந்து. மூண்டு கிண்ணம் சிந்திக் கிடக்கும், ரெண்டு பின்னாலை நிக்கும், அந்த ஆள் சிந்தினதை மட்டும் பாத்துக்கொண்டு நிக்கும். படம் கீறின மனிசிக்கு உப்பெண்டால் கடல், கண்ணீர். எனக்கு உப்பளம்." அதைச் சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்தது. துடைக்கவில்லை. "இறகு மூண்டு இந்தா. சிவத்தப் பழம் ஒண்டிலை மூண்டு இறகு குத்தி நிக்குது, மழை பெய்யுது. வாள் மூண்டு. இறகு காத்திலை போறது. காத்தெண்டால் வாள்."

அப்படிப் பார்த்தால் எல்லாமே மாறிவிட்டது. முள் மூத்தவர் கண்டிப்பானவர் அல்ல, நினைத்ததைச் செய்கிற சூடுள்ள மனிதர். உப்பு ஆறு கொடுக்கல் வாங்கல் அல்ல, பழைய நாளின் இனிமை. மார்கிரட் இளவயதில் தையல் வகுப்புக்கு அப்பாவின் பஸ்ஸில்தான் போய் வந்தவராம். உப்பு எட்டில் முதுகு காட்டி நடக்கிறவள் வேலை முடிந்து போகவில்லை. உள்ளதை விட்டுவிட்டே போகிறாள். பிரான்சுக்கு. இறகுத் தாய் உடனே அழுகிறவள் அல்ல. வாள் ராணி: உள்ளதை உள்ளபடி கதைப்பவள், தனியாக நின்று பழகியவள், பழைய ஆட்கள் விதவை என்றே சொல்லுகிற சீட்டு. அந்த ராணி தக்சாயினிக்கு எதிரில் கட்டிலின் விளிம்பில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப இறகு இரண்டு?" என்றார் மார்கிரட்.

"வாள் இரண்டு" என்றாள் தக்சாயினி. "ரெண்டு பக்கமும் சமம். முடிவெடுக்கேலாமல் நிக்கிறது. நீங்கள் சொன்னதுதான் சரி."

மார்கிரட் தலையை ஆட்டினார். சீட்டை வேதப் புத்தகத்துக்குள் வைக்கப் போனார்.

"பொறுங்கோ அன்ரி. நான் அவருக்கு அப்பிடிச் சொல்லேல்லை. ரெண்டு பேரும் சேருறது எண்டுதான் சொன்னனான். கலியாணமே நடக்கும் எண்டனான். பிறகு இதுகளை வைச்சுப் பாத்திட்டு ஓடிப்போய்க் கத்தினன், 'அப்பா, அந்தக் கடைசிக் கடதாசி பிழை, அது முடிவில்லாமல் நிக்கிறது' எண்டு. அவர் மோட்டச் சைக்கிளை ஸ்ராட் பண்ணிக்கொண்டு நிண்டவர்."

"கேட்டவரோ?"

"'ஓம் ஓம்' எண்டவர்."

இருவருக்கும் அந்த ஓமைத் தெரியும். இடது காதுப் பக்கம் யார் என்ன சொன்னாலும் அவர் ஓம் ஓம் என்பார். மழை வருகிறது என்றாலும் அதுதான், அரிசி முடிந்தது என்றாலும் அதுதான். அவள் எந்தப் பக்கம் நின்று கத்தினாள்? தக்சாயினி கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். எஞ்சின் சத்தம் நினைவிருக்கிறது. அவர் கழுத்தில் வழிந்த தண்ணீர் நினைவிருக்கிறது. பக்கம் நினைவில்லை.

போனை எடுத்து, கத்தப் போகுமுன் பிடித்த அன்றைய படத்தைப் பார்த்தாள். பாயில் நாலு சீட்டுத்தான். ஐந்தாவதின் இடம் வெறுமை. ஆக, அவள் கத்துவதற்கு முன்பே சீட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டார். சேருகிறது என்று நம்பித்தான் எடுத்திருக்கிறார். ஆனால் வழியில் மனம் மாறியிருக்கலாம். கத்தியது காதில் விழுந்திருந்தால், அதே சீட்டை முடிவில்லை என்று சொல்லத்தானே கொடுத்திருப்பார்? மார்கிரட் தராசு என்றபோது சிரித்தாரே. ஓம், பிடித்துவிட்டாய் என்ற சிரிப்பா? இல்லை, பாவம், உனக்கு விளங்கவில்லை என்ற சிரிப்பா? மண்டை குழம்பியது. மார்கிரட்டின் கையில் சீட்டு தலைகீழாக வேறு இருந்தது. தலைகீழாய் வந்தால் முடிச்சு அவிழ்ந்து முடிவு பிறக்கும் என்றும் ஒரு பலன் உண்டு. வேண்டியமட்டும் வளைக்கலாம். அப்பாவின் வாயில் தான் சொல் வைக்கிறதாகிவிடும் என்று பயந்து அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"நான் பொய் சொல்லமாட்டன் அன்ரி. எனக்கு உண்மையாத் தெரியேல்லை."

"அது காணும் பிள்ளை, போதும்." மார்கிரட் எழுந்தார். "நான் ஒருக்கால் முகத்தைப் பாத்திட்டுப் போறன். வெயிலுக்கு முன்னம் நடக்கவேணும்."

"ஏன் நடக்கிறியள்? ஆரும் ஏத்திக்கொண்டு போய் விடுவினம்."

"எனக்குப் பழக்கம்." முதல் தடவையாக மார்கிரட்டின் வாயோரம் லேசாக நெளிந்தது. "றைவரும் ஒவ்வொரு நாளும் ஏறுங்கோ, ஏறுங்கோ எண்டு கரைச்சல். ஒரு ஹெல்மெற்றை வைச்சுக்கொண்டு சந்தியிலை பொலிசிட்டைப் பிடிபடவோ? சனிக்கிழமையும் கேட்டார், கோயிலடியிலை விடுறன் எண்டு. அண்டைக்கும் அந்தக் கறுப்பு ஒண்டுதான் கொளுவிக் கிடந்தது. நான் ஏறேல்லை."

தக்சாயினி எழுந்த இடத்திலேயே நின்றாள்.

"அண்டைக்கு ஒண்டுதான் கிடந்ததோ? வடிவாத் தெரியுமோ அன்ரி?"

"தெரியாமல்? நான் படலையிலை நிண்டு அவர் போறதைப் பாத்தனான். கடைத்தெருப் பக்கமாத்தான் திருப்பினவர்."

அப்போது ஹோலிலிருந்து மாமி கூப்பிட்டார். வாய்க்கரிசி போடுகிற ஆட்கள் வரவேண்டுமாம். குருக்கள் அவசரப்படுத்தினார், பேரப்பிள்ளைகள் பந்தத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், சுண்ணம் இடித்து முடிந்திருந்தது. தக்சாயினி மார்கிரட்டின் கையை விடாமலே ஹோலுக்குள் போனாள். அரிசிப் பெட்டியை மாமியிடமிருந்து வாங்கி முதலில் தான் போட்டாள். பிறகு அதை மார்கிரட்டுக்கு முன்னால் நீட்டினாள். மார்கிரட் அவளைப் பார்த்தார். கையால் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, ஒரு பிடி அரிசியை எடுத்து, அந்த வாயின் மேல் மெல்ல விட்டார். ஒன்றிரண்டு அரிசி மீசையில் தங்கியது. அதையும் விரலால் தட்டிவிட்டார்.

"ஆர் பிள்ளை உது?" என்று மாமி காதுக்குள் கேட்டார்.

"அப்பாவின்ரை பஸ்ஸிலை வந்த ஆள், மாமி."

பெட்டியைத் தூக்கினார்கள். மேளம் ஒழுங்கையில் முன்னால் போனது. பெண்கள் படலையோடு நின்றுகொண்டார்கள். தக்சாயினி அப்பா என்று வாய்விட்டு அழுதாள், யாரோ தாங்கிப் பிடித்தார்கள். அழுது ஓய்ந்து திரும்பியபோது மார்கிரட் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவள் கிணற்றடிக்கு ஓடினாள். ஹாண்டிலிலிருந்து நீல ஹெல்மெற்றைக் கழற்றிக்கொண்டு வந்து மார்கிரட்டின் கையில் கொடுத்தாள்.

"இது உங்கடை. எங்கள் ஒருத்தற்றை தலையிலையும் இது ஏறேல்லை. உங்களிட்டை இருந்து போய் வாங்கி, மைமல் வரேக்கை கொண்டு வந்திருக்கிறார்."

மார்கிரட் அதை வாங்கிப் பார்த்தார். பொலித்தீனுக்குள் மடித்து வைத்த பட்டியைப் பார்த்தார்.  சீட்டை வேதப் புத்தகத்திலிருந்து எடுத்துத் தக்சாயினியிடம் கொடுத்தார், கட்டுக் குறையக்கூடாது என்பதுபோல. பிறகு ஹெல்மெற்றை இடுப்போடு அணைத்துக்கொண்டு, மேளம் போன பக்கத்துக்கு எதிர்ப் பக்கமாக, முனைக்குப் போகிற வழியில் நடந்தார்.

வீடு கழுவத் தண்ணீர் அள்ளத் தொடங்கியிருந்தார்கள். மாமி படலையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்தபடி நின்றார். ஒழுங்கை முடக்கில் மார்கிரட் நின்று, உறையைக் கழற்றி நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். ஹெல்மெற்றைத் தலையில் போட்டுப் பட்டியை நாடிக்குக் கீழே பூட்டினார். பூட்டிக்கொண்டே நடந்து போனார்.

"உந்த மனிசி ஏன் பிள்ளை ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு நடந்து போகுது?"

"அளவு பாக்கிறா, மாமி" என்றாள் தக்சாயினி.